பதினோரு லட்சத்தை மூன்றாகப் பிரிப்பது எப்படி?

கையில் 11 லட்சம் ரூபாய் இருக்கிறது. வாங்க வேண்டிய பங்குகளும் முடிவாகிவிட்டன. சோப்பும் டீத்தூளும் விற்கும் இந்துஸ்தான் யூனிலீவர், நாட்டின் மிகப் பெரிய வங்கியான ஸ்டேட் பேங்க், இரும்பு உருக்கும் டாடா ஸ்டீல். அடுத்த வேலை என்ன? பெரும்பாலானோர் யோசிக்காமல் மூன்றால் வகுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 3 லட்சத்து 67 ஆயிரம். யாருக்கும் கூடக் குறைய இல்லை, மூன்றுக்கும் சம மரியாதை.

பணத்தில் மட்டும்தான் அந்தச் சமம். சந்தை மொத்தமாக ஆட்டம் காணும் நாளில் இந்த மூன்றும் ஒரே அளவு ஆடுவதில்லை. பொருளாதாரம் படுத்தாலும் வீட்டில் சோப்பு வாங்காமல் இருக்க முடியாது. ஆனால் கட்டுமானமும் கார் விற்பனையும் சுணங்கினால் இரும்புக்கான தேவை உடனே அடிவாங்கும். பங்கு விலைகளும் அதற்கேற்பவே நடந்துகொள்கின்றன. சோற்றையும் ஊறுகாயையும் தட்டில் ஒரே அளவு பரிமாறும் ஆள் எவரும் இல்லை. பங்குகளில் மட்டும் அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

ஒரு பங்கின் காரத்தை அளக்கும் எண்தான் பீட்டா. நிஃப்டி 1 சதவீதம் நகர்ந்தால் இந்தப் பங்கு சராசரியாக எத்தனை சதவீதம் நகர்ந்து வந்திருக்கிறது என்பதை அது சொல்கிறது. பீட்டா 1 என்றால் சந்தையோடு ஒட்டி நடக்கும் பங்கு. 0.5 என்றால் பாதி வேகம், 1.5 என்றால் ஒன்றரை மடங்கு. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே யூனிலீவருக்கு 0.5, ஸ்டேட் பேங்குக்கு 1, டாடா ஸ்டீலுக்கு 1.5 என்று முழுமையாக்கி வைத்துக்கொள்வோம். உண்மை எண்கள் எடுக்கும் காலத்தைப் பொறுத்து மாறும். ஸ்டேட் பேங்குக்குப் பெரும்பாலும் 1-ஐச் சற்றுத் தாண்டியே வரும்.

இப்போது சமமாகப் பிரித்த தொகுப்பை நிஃப்டி 1 சதவீதம் விழும் ஒரு நாளில் வைத்துப் பார்க்கலாம். யூனிலீவரில் நட்டம் சுமார் 1,833 ரூபாய். ஸ்டேட் பேங்கில் 3,667. டாடா ஸ்டீலில் 5,500. மொத்தம் 11,000 ரூபாய். அதில் சரிபாதி ஒரே பங்கிலிருந்து வருகிறது. யூனிலீவரின் பங்கு ஆறில் ஒன்றுதான். மூன்று பங்குகள் வைத்திருப்பதாக நினைப்பவர், சந்தை ஆபத்தைப் பொறுத்தவரை டாடா ஸ்டீலைத்தான் முதன்மையாக வைத்திருக்கிறார். மற்ற இரண்டும் துணைக்கு வந்தவை.

இந்தச் சிக்கலைப் பீட்டா என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே ஒருவர் கண்டுகொண்டார். ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ், படிப்பால் சமூகவியலாளர், ஃபார்ச்சூன் இதழில் எழுதிய பத்திரிகையாளர். 1949-இல் நியூயார்க்கில் ஒரு முதலீட்டுக் கூட்டாண்மையைத் தொடங்கினார். உலகின் முதல் ஹெட்ஜ் ஃபண்ட் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். நல்ல பங்குகளை வாங்குவார். மோசமானவை என்று தோன்றுவதைக் கடன் வாங்கி முன்கூட்டியே விற்றுவைப்பார். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஒன்று மற்றொன்றை ஈடுகட்ட வேண்டும் என்பது திட்டம். ஆனால் வாங்கியவை வேகமானவையாகவும் விற்றவை மந்தமானவையாகவும் இருந்தால், இரு பக்கமும் ஒரே டாலர் இருந்தும் ஈடு சரியாக விழாது. அதனால் ஒவ்வொரு பங்கும் சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று அளந்து, அந்த வேகத்தை வைத்தே எத்தனை பங்குகள் என்று முடிவு செய்தார். இதே எண்ணத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஷார்ப். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1964-இல் வந்தது, நோபல் பரிசு 1990-இல்.

ஜோன்ஸ் வழியில் நம் 11 லட்சத்தைப் பிரிக்க ஒரே ஒரு விதி போதும்: போடும் பணத்தைப் பீட்டாவால் பெருக்கினால் எல்லாப் பங்குக்கும் ஒரே விடை வர வேண்டும். அதற்கு 1-ஐ ஒவ்வொரு பீட்டாவாலும் வகுக்க வேண்டும். யூனிலீவருக்கு 2, ஸ்டேட் பேங்குக்கு 1, டாடா ஸ்டீலுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் மூன்றும் மூன்றில் இரண்டும், அதாவது 11/3. நம்மிடம் இருப்பது 11 லட்சம் என்பதால் ஓர் அலகுக்கு 3 லட்சம் என்று வருகிறது. ஆக யூனிலீவருக்கு 6 லட்சம், ஸ்டேட் பேங்குக்கு 3 லட்சம், டாடா ஸ்டீலுக்கு 2 லட்சம்.

சரிபார்ப்பது சுலபம். 6 லட்சத்தை 0.5-ஆல் பெருக்கினால் 3 லட்சம். 3 லட்சம் பெருக்கல் 1, அதுவும் 3 லட்சம். 2 லட்சம் பெருக்கல் 1.5, மீண்டும் 3 லட்சம். நிஃப்டி 1 சதவீதம் இறங்கினால் மூன்றிலும் தலா 3,000 ரூபாய் நட்டம் எதிர்பார்க்கலாம். எந்தப் பங்கும் மற்றதை அமுக்கவில்லை.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பக்க விளைவு உண்டு. மொத்த நட்டம் 11,000-லிருந்து 9,000 ஆகக் குறைந்திருக்கிறது. பணம் வேகமான பங்கிலிருந்து மந்தமான பங்குக்கு நகர்ந்ததால் தொகுப்பின் பீட்டாவே 1-லிருந்து ஏறக்குறைய 0.82-க்கு இறங்கிவிட்டது. அதாவது ஆபத்தை மூவருக்கும் சமமாகப் பங்கிட்டதோடு, மொத்த ஆபத்தும் தானாகக் குறைந்துபோனது. விழும் சந்தையில் இது இனிக்கும். நிஃப்டி ஒரே ஆண்டில் 25 சதவீதம் ஏறும்போது, "நான் ஏன் பின்தங்கினேன்?" என்ற கேள்வியாக அதுவே திரும்பி வரும். அந்த நேரத்தில் முறையைத் திட்டுவது நியாயமில்லை. மொத்த பீட்டா எவ்வளவு என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்திருந்தால் வியப்புக்கே இடமில்லை.

பெரிய நிதி நிறுவனங்கள் இந்தக் குறையைக் கடன் வாங்கியோ நிஃப்டி ஃபியூச்சர்ஸ் வாங்கியோ நிரப்பிக்கொள்ளும். சாதாரண முதலீட்டாளருக்கு அந்தக் கதவு பொருந்தாத அளவில் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து புதிதாக வரும் குறியீட்டு ஒப்பந்தங்களின் மதிப்பு குறைந்தது 15 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. 11 லட்சத் தொகுப்பில் விடுபட்ட 2 லட்சம் பீட்டாவை நிரப்ப 15 லட்சத்து ஒப்பந்தம் வாங்குவது எந்தக் கணக்கிலும் சேராது. எதிர்த் திசையிலும் அப்படியே. 9 லட்சத்துக்கு நிகரான சந்தை ஆபத்தை மறைக்க 15 லட்சத்துக்கு விற்றால், ஏறும் சந்தையில் நட்டப்படும் ஆளாக மாறிவிடுவீர்கள்.

சரி, பீட்டாவை எங்கிருந்து எடுப்பது? இணையத்தில் ஒரே பங்குக்கு ஒரு தளம் 0.4 என்றும் இன்னொன்று 0.7 என்றும் காட்டும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஐந்தாண்டு மாத விலைகளை எடுத்திருப்பார், மற்றவர் ஓராண்டு தின விலைகளை. ஒருவர் நிஃப்டியோடு ஒப்பிட்டிருப்பார், மற்றவர் சென்செக்ஸோடு. வெவ்வேறு தளங்களிலிருந்து பொறுக்கிய எண்களை ஒரே தொகுப்பில் கலப்பதைவிட, எல்லாப் பங்குக்கும் ஒரே முறையில் நாமே கணக்கிடுவது மேல். வேலையும் அதிகமில்லை. எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் B பத்தியில் நிஃப்டியின் வார முடிவு விலை, C பத்தியில் பங்கின் விலை, D, E பத்திகளில் அவற்றின் வாராந்திர மாற்றம். இரண்டு ஆண்டுக்கு 104 மாற்றங்கள் கிடைக்கும். பிறகு:

```
D3:  =B3/B2-1
E3:  =C3/C2-1

=SLOPE(E3:E106, D3:D106)
=RSQ(E3:E106, D3:D106)
```

முதல் விடை பீட்டா. பங்கின் பத்தி முதலில், நிஃப்டியின் பத்தி அடுத்து. மாற்றிப் போட்டால் வேறொரு எண் வந்து நிற்கும், பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது. இரண்டாவது விடை, பங்கின் ஆட்டத்தில் சந்தையால் விளக்கப்படும் பகுதி எவ்வளவு என்பது. அது 0.05 என்று வந்தால், அந்தப் பங்கு பெரும்பாலும் தன் சொந்தக் காரணங்களால் ஆடுகிறது. அதன் பீட்டாவை நம்பி அளவு போடுவது மணலில் கோடு கிழிப்பதுதான்.

விலைப் பட்டியலில் ஒளிந்திருக்கும் இன்னொரு பொறி பங்குப் பிரிப்பு. 2022 ஜூலையில் டாடா ஸ்டீல் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதற்கேற்பத் திருத்தப்படாத பழைய விலைகளை எடுத்தால், அந்த வாரத்தில் பங்கு 90 சதவீதம் சரிந்ததாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும். அந்த ஒற்றை வாரம் 104 வாரங்களின் விடையையும் கெடுத்துவிடும். வாராந்திர மாற்றங்களின் பத்தியில் மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் ஒருமுறை கண்ணால் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, குறைந்த பீட்டா பக்கம்தான் இருக்கிறது. நாம் பீட்டாவால் வகுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. 1.5 என்று இருக்க வேண்டியது தவறாக 1.75 என்று வந்தால் பங்கின் அளவு ஏழில் ஒரு பகுதிதான் குறையும். 0.5 என்று இருக்க வேண்டியது தவறாக 0.25 என்று வந்தாலோ அளவு இரு மடங்காகிவிடும். தவறு இரண்டு இடத்திலும் அதே கால் புள்ளி, தண்டனை வேறு. இந்த முறை எந்தப் பங்கில் எண் மிகக் குறைவாகத் தெரிகிறதோ அங்கேதான் பணத்தைக் கொட்டச் சொல்லும், அந்த எண் மிகக் குறைவாகத் தெரிவதற்குத் தவறான அளவீடே காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதற்கு மார்ஷல் ப்ளூம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970-களின் தொடக்கத்தில் வழி காட்டினார். ஒரு காலகட்டத்தில் மிக உயர்ந்தும் மிகத் தாழ்ந்தும் தெரியும் பீட்டாக்கள் அடுத்த காலகட்டத்தில் 1-ஐ நோக்கி நகர்வதை அவர் கண்டறிந்தார். அதிலிருந்து வந்த நடைமுறை விதியை ப்ளூம்பெர்க் திரைகளில் இன்றும் காணலாம்: கணக்கில் வந்த பீட்டாவில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, அதோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு. 0.25 என்று வந்தது அப்போது 0.5 ஆகிவிடும், 1.75 என்று வந்தது 1.5 ஆகிவிடும். இந்தத் திருத்தம் இல்லாமல் பீட்டாவால் வகுக்கவே கூடாது என்பது இந்தக் கட்டுரையாளரின் கட்சி.

சிறு நிறுவனப் பங்குகளில் திருத்தமும் போதாது. பல நாட்கள் சொற்ப வணிகமே நடக்கும் பங்கில், இன்று நிஃப்டி விழுந்த செய்தி விலையில் ஏற மூன்று நாள் ஆகும். தின விலைகளை வைத்துக் கணக்கிட்டால் பங்கு சந்தையைக் கண்டுகொள்ளாத சாதுவாகத் தோன்றும். கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. தின மாற்றத்தில் பீட்டா 0.4, வார மாற்றத்தில் 0.8, மாத மாற்றத்தில் 1.1 என்று ஏறிக்கொண்டே போனால், அது சாதுப் பங்கு இல்லை, செய்தி தாமதமாகச் சேரும் பங்கு. அங்கே மாதக் கணக்குதான் உண்மைக்கு அருகில் இருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்த தொகுப்பு நிஜமான ஓர் அதிர்ச்சியில் எப்படி நடந்துகொள்ளும்? 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள், நல்ல பரீட்சை. முந்தைய நாள், கருத்துக் கணிப்புகளின் உற்சாகத்தில் நிஃப்டி 3.25 சதவீதம் ஏறியிருந்தது. வாக்குகள் எண்ண எண்ண ஆளும் கட்சிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்பது தெளிவாக, அன்று 5.93 சதவீதம் சரிந்து 21,884-இல் முடிந்தது.

நம் கணக்குப்படி ஒவ்வொரு பங்கிலும் ஏறக்குறைய 18,000 ரூபாய் நட்டம் வந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஸ்டேட் பேங்க் சுமார் 14 சதவீதம் விழுந்தது. 3 லட்சத்தில் 42,000 ரூபாய் காலி. யூனிலீவர் விழவே இல்லை. நிஃப்டி ரத்தக்களரியாக இருந்த அதே நாளில் சுமார் 6 சதவீதம் ஏறியது. 6 லட்சத்தில் 36,000 ரூபாய் லாபம். டாடா ஸ்டீல் சந்தையோடு சேர்ந்து இறங்கியது.

பீட்டா பொய்த்துப்போனதா? இல்லை. அது சொன்னது சராசரியை மட்டும்தான். ஒரு பங்கின் நகர்வில் சந்தையால் வரும் பகுதி ஒன்று, அதற்கே உரிய பகுதி இன்னொன்று. பீட்டா முதல் பகுதியைத்தான் சமப்படுத்துகிறது. அன்று இரண்டாம் பகுதி ஆட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது. ஏன் என்பதும் மர்மமில்லை. அரசின் முதலீட்டுச் செலவை நம்பி ஏறிய பொதுத்துறைப் பங்குகளிலிருந்து பணம் வெளியேறியது; கிராமப்புற மக்களின் கையில் இனி கூடுதல் பணம் புழங்கலாம் என்ற எதிர்பார்ப்பில் நுகர்பொருள் பங்குகளுக்குள் பாய்ந்தது.

அதே நாளில் ஓஎன்ஜிசி, என்டிபிசி, கோல் இந்தியா ஆகியவையும் இரட்டை இலக்கச் சதவீதத்தில் விழுந்தன. இதுதான் உண்மையில் கவனிக்க வேண்டிய செய்தி. ஒருவர் ஸ்டேட் பேங்க், ஓஎன்ஜிசி, என்டிபிசி, கோல் இந்தியா என்று நான்கை எடுத்து, பீட்டாவைத் துல்லியமாகக் கணக்கிட்டு, சந்தை ஆபத்தை நான்கிலும் சமமாக வைத்திருந்தார் என்று கொள்வோம். நான்கு பெயர்கள், நான்கு தொழில்கள், ஆனால் ஒரே பந்தயம்: அரசின் கொள்கை. பீட்டாவின் கண்ணுக்கு அந்தப் பொதுச் சரடு தெரியாது. யூனிலீவரும் ஸ்டேட் பேங்கும் சேர்ந்த நம் தொகுப்பு அன்று தப்பித்ததற்குக் காரணம் பீட்டா கணக்கு மட்டுமில்லை. எதிரெதிர் இயல்புள்ள தொழில்கள் உள்ளே இருந்ததும், குறைந்த பீட்டாப் பங்கில் கூடுதல் பணம் இருந்ததும் சேர்ந்ததே. அன்றைக்கு அதிர்ஷ்டமும் கொஞ்சம் கைகொடுத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனி நிறுவனத்தின் வீழ்ச்சியையும் பீட்டா தடுக்காது. 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் பேங்கின் மீது கட்டுப்பாடு விதித்தது. மறுநாள் நிஃப்டி சுமார் 2.5 சதவீதம் இறங்கியது; யெஸ் பேங்க் பங்கு 56 சதவீதம் சரிந்தது. எந்தப் பீட்டாவாலும் இந்த இடைவெளியை விளக்க முடியாது. அதனால்தான் தொழில்முறை மேலாளர்கள் பீட்டா சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எந்தப் பங்கும் மொத்தத்தில் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். நம் எடுத்துக்காட்டில் யூனிலீவரே மொத்தப் பணத்தில் 55 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று பங்குத் தொகுப்பில் இது தவிர்க்க முடியாத விபரீதம். பத்துப் பன்னிரண்டு பங்குகள் இருந்தால்தான் இந்த முறைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தேசியப் பங்குச் சந்தையில் இதற்கு நேர் எதிர்த் திசையில் ஒரு குறியீடும் இருக்கிறது. நிஃப்டி ஹை பீட்டா 50 என்று பெயர். அதில் பீட்டா எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கூடுதல் எடை. சந்தை ஏறும் என்று உறுதியாக நம்புபவருக்கு அது ஒரு கருவி. பங்குத் தேர்வில் தன் திறமை ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு அது ஆகாது.

தொகுப்பைக் கட்டிய பிறகும் அளவுகள் அப்படியே நிற்பதில்லை. டாடா ஸ்டீல் 30 சதவீதம் ஏறி, 2 லட்சம் 2 லட்சத்து 60 ஆயிரம் ஆனால், பீட்டாவால் பெருக்கிய மதிப்பு 3 லட்சத்து 90 ஆயிரம் ஆகிவிடும். மற்ற இரண்டும் 3 லட்சத்தில் நிற்கும். ஒவ்வொரு வாரமும் இதைச் சரிசெய்ய முனைந்தால் புரோக்கருக்கும் அரசுக்கும்தான் லாபம். ஓராண்டுக்குள் விற்ற பங்கின் ஆதாயத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி. முன்பு அது 15. ஆகவே இலக்கிலிருந்து கால் பங்குக்கு மேல் விலகினால் மட்டும் கை வைப்பது, அதையும் விற்பதற்குப் பதில் புதிதாக வரும் பணத்தைப் பின்தங்கிய பங்கில் போட்டுச் சரிசெய்வது என்ற ஏற்பாடு சிக்கனமானது. பீட்டாவை மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கணக்கிட்டால் போதும். நிறுவனம் பெரிய கடன் வாங்கினாலோ ஒரு முக்கியத் தொழிலை விற்றாலோ மட்டும் தவணைக்குக் காத்திருக்க வேண்டாம். பழைய விலைகள் அப்போது பழைய நிறுவனத்தைப் பற்றித்தான் பேசுகின்றன.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு தொகுப்பு இருந்தால், எதையும் வாங்கவோ விற்கவோ முன் ஒரே ஒரு பத்தியைச் சேர்த்துப் பாருங்கள்: ஒவ்வொரு பங்கின் இன்றைய மதிப்பு, பெருக்கல் அதன் திருத்தப்பட்ட பீட்டா. அந்தப் பத்தியின் மொத்தத்தில் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு பெயர்களிடம் இருந்தால், முதலில் குறைக்க வேண்டியது அவற்றைத்தான்.